திரையில் ₹1,42,600, கைக்கு வரவில்லை: முன்னால் உள்ள ஐந்து வழிகள்

கோத்தகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவரின் கைபேசித் திரையில், பைனரி ஆப்ஷன் ஆடும் இணையத் தளம் ஒன்றின் கணக்கில், 1,42,600 ரூபாய் இருக்கிறது. அதில் ஒரு லட்சத்தை வங்கிக்கு மாற்றக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். இப்போது அவர் முன்னால் ஐந்து யோசனைகள் கிடக்கின்றன. போனஸ் நிபந்தனையை முடித்துவிட்டு மறுபடி கேட்கலாம். தளம் கேட்கிற வரியைக் கட்டலாம். டெலிகிராம் குழுவில் ஒருவர் இருப்புத் தொகையை வாங்கிக்கொண்டு ரூபாய் தருவதாகச் சொல்கிறார், அவரிடம் விற்கலாம். பணத்தை மீட்டுத் தருவதாக இன்னொருவர் அழைக்கிறார், அவரை அமர்த்தலாம். அல்லது இத்தோடு நிறுத்திவிட்டு, சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

இது ஒரே ஆளின் கதை அல்ல. தனியார் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் விவசாயிகளுக்கான பசுந்தேயிலைக் கணக்கு எழுதுகிறவன் நான். பணம் வரவு வைப்பதைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள், அப்படியே கைபேசியையும் நீட்டி, "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்கிறார்கள். அவர்கள் காட்டியவற்றைச் சேர்த்து, அடையாளம் தெரியாமல், ஒரே கணக்காக இங்கே கட்டியிருக்கிறேன்.

கணக்கு இதுதான். பனி விழுந்து இலை வரத்து குறைந்திருக்கும் ஜனவரியில் தொடங்கினார். 5,000, பிறகு 10,000, பிறகு 15,000, கடைசியாக 20,000 என்று மொத்தம் 50,000 ரூபாய் யுபிஐ வழியாகச் செலுத்தினார். உரத்துக்கும் பறிப்புக் கூலிக்கும் வைத்திருந்த பணம் அது. முதல் வாரத்தில் 3,000 ரூபாய் எடுக்கக் கேட்டபோது மறுநாளே வந்துவிட்டது. கடைசித் தவணையோடு 10,000 ரூபாய் போனஸ் கிடைத்தது. அந்தத் தவணை போனது நேற்று மாலை. மற்ற மூன்றும் மூன்று வாரத்துக்கு முந்தையவை.

ஐந்து வழிகளையும் எடைபோடுவதற்கு முன் எந்தத் தொகையை வைத்து எடைபோடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அவர் 1,42,600ஐ வைத்து யோசிக்கிறார், அதனால்தான் வரி கட்டுவதுகூட நியாயமாகத் தோன்றுகிறது. உண்மையில் அவர் கையைவிட்டுப் போனது 50,000, திரும்பி வந்தது 3,000. ஆக 47,000 ரூபாய்தான் நிஜம். திரையில் தெரிவது தளம் தனக்குத்தானே எழுதிவைத்த எண். எங்கள் தொழிற்சாலையில் இலையை எடைபோட்டுக் கொடுக்கும் சீட்டும் வெறும் எண்தான், ஆனால் அதற்குப் பணம் தராவிட்டால் எங்கள் வாசலில் வந்து நிற்கலாம், தேயிலை வாரியத்திடம் போகலாம். இந்தத் தளத்துக்கு வாசலே கிடையாது.

அந்த எண் எப்படி வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பைனரி ஆப்ஷனில் நாணயத்தையோ தங்கத்தையோ யாரும் வாங்குவதில்லை. இன்னும் ஒரு நிமிடத்தில் விலை ஏறியிருக்குமா இறங்கியிருக்குமா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இவருடைய தளத்தில் சரியாகச் சொன்னால் 1,000 ரூபாய்க்கு 820 ரூபாய் லாபம். தவறினால் 1,000 ரூபாயும் போய்விடும். நூறு முறை ஆடி ஐம்பதில் வென்றால் 41,000 வரும், 50,000 போகும். நட்டம் 9,000. போட்டது போகாமல் தப்பிக்கவே நூற்றுக்கு ஐம்பத்தைந்து முறை சரியாகச் சொல்ல வேண்டும். ஒரு நிமிட விலை நகர்வில் அப்படித் தொடர்ந்து சொல்லக்கூடியவர் என் பார்வையில் யாரும் இல்லை. இருந்தால் அவர் டெலிகிராமில் குழு நடத்திக்கொண்டிருக்க மாட்டார்.

நீங்கள் தோற்கும் பணம் தளத்துக்குப் போகிறது, நீங்கள் வென்றால் தளம்தான் தர வேண்டும். எதிரில் உட்கார்ந்து ஆடுகிறவரே விலையையும் அறிவிக்கிறார். உலக நாணயச் சந்தை மூடியிருக்கும் சனி, ஞாயிறுகளில் இந்தத் தளங்களைத் திறந்து பாருங்கள். யூரோவும் டாலரும் அப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஓரத்தில் சிறிய எழுத்தில் ஓடிசி என்று இருக்கும். அந்த நேரத்து விலையைத் தளமே உருவாக்குகிறது என்று பொருள். அப்படியானால் 50,000 ரூபாய் 1,42,600 ஆனது அதிர்ஷ்டமா, தளத்தின் தாராளமா என்று வெளியில் இருந்து யாரும் சொல்ல முடியாது.

கைபேசியைக் காட்டிய அந்தத் தம்பி இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டார். "எல்லாத் தளமும் மோசடி என்று சொல்ல முடியுமா அண்ணா? ஒழுங்காகப் பணம் தருகிறவர்களும் இருப்பார்களே?" இருந்தார்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உரிமம் பெற்று நடத்தினார்கள். பொதுமக்களுக்கு இதை விற்பதை ஐரோப்பியச் சந்தை ஒழுங்கு ஆணையம் 2018 ஜூலையில் தடை செய்தது. பிரிட்டன் 2019 ஏப்ரலில் நிரந்தரமாகவே தடுத்தது. ஆஸ்திரேலியாவில் 2021 மே மாதத்தில் தடை வந்தது, அங்கே ஆடியவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் பணம் இழந்ததாக அந்நாட்டு ஆணையமே கண்டது. அதாவது, பணத்தை ஒழுங்காகத் திருப்பித் தரும் தளமாக இருந்தாலும் முடிவு இதுதான். பணம் எடுக்க விடாத தளம் அதற்கு மேல் இன்னொரு அடி.

இனி வழிகளுக்கு வருவோம்.

போனஸ் நிபந்தனையை முடிப்பது

போனஸைப் போல நாற்பது மடங்குக்கு ஆடி முடித்தால்தான் பணம் எடுக்கலாம் என்பது விதி. 10,000க்கு நாற்பது மடங்கு என்றால் நான்கு லட்சம். இவர் ஏற்கெனவே 1,10,000 ரூபாய்க்கு ஆடிவிட்டார், இன்னும் 2,90,000 பாக்கி. நூற்றுக்கு 9 ரூபாய் நட்டம் என்ற கணக்கில் பாக்கியை முடிக்கும்போது சராசரியாக 26,100 ரூபாய் குறையும்.

உண்மையைச் சொன்னால் காகிதத்தில் இந்த வழி அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. 1,42,600இல் 26,100 போனாலும் 1,16,500 மிஞ்சுகிறதே! பலரும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, சராசரி என்பது சராசரிதான். 2,000 ரூபாய் வீதம் 145 முறை ஆடினால் எழுபதாயிரம்கூடப் போகலாம், அதிர்ஷ்டம் இருந்தால் சில ஆயிரம் கூடவும் செய்யலாம். தோற்றதும் அடுத்த முறை இரட்டிப்பாகப் போடுகிற பழக்கம் உள்ளவருக்கு மொத்தமும் ஒரே மாலையில் போய்விடும், குழுவில் கற்றுக் கொடுப்பதும் அந்த இரட்டிப்பைத்தான்.

இரண்டாவது சிக்கல் பெரியது. நிபந்தனை முடிந்ததும் கதவு திறக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? முடித்தவர்களுக்கு அடுத்து வருவது அடையாளச் சரிபார்ப்பு. பணம் வாங்கும்போது யாரும் கேட்காத ஆதாரும் பான் அட்டையும் பணம் எடுக்கும்போது மட்டும் மங்கலாக இருப்பதாகத் திரும்பி வரும். அதன் பிறகு ஒரே வீட்டில் இரண்டு கணக்கு இருப்பதாகச் சொல்வார்கள், அல்லது சந்தேகத்துக்குரிய ஆட்டம் என்பார்கள். இதற்குள் இரண்டு மூன்று வாரம் ஓடியிருக்கும். அந்த வாரங்கள்தான் இந்த வழியின் உண்மையான விலை. ஏன் என்பது கடைசி வழியைப் பார்க்கும்போது புரியும்.

வரி கட்டுவது

லாபம் 92,600, அதில் 30 சதவீதம் 27,780 ரூபாயை ஒரு யுபிஐ முகவரிக்கு அனுப்பினால் மொத்தத் தொகையும் அரை மணி நேரத்தில் விடுவிக்கப்படும் என்று 'கணக்கு மேலாளர்' சொல்கிறார். இந்திய அரசின் வரி என்று முத்திரையோடு ஒரு கடிதமும் வந்திருக்கிறது.

30 சதவீதம் என்ற எண்ணை அவர்கள் கற்பனையில் எடுக்கவில்லை. இணைய விளையாட்டில் வென்ற தொகைக்கு 30 சதவீத வரிப் பிடித்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, அதைப் பலரும் செய்தியில் படித்திருக்கிறார்கள். ஆனால் பிடித்தம் என்றால் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொண்டு மீதியைத் தருவது. கழித்த தொகை உங்கள் பான் எண்ணின் பெயரில் வருமான வரித் தளத்தில், கழித்தவரின் டான் எண்ணோடு பதிவாகும். பணம் பெறுகிறவர் முன்கூட்டித் தன் பையில் இருந்து தனியார் ஒருவரின் யுபிஐக்கு வரி அனுப்புகிற முறை எந்தச் சட்டத்திலும் கிடையாது.

சோதித்துப் பார்க்க ஒரு வரி போதும்: "27,780ஐ என் இருப்பிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்." தம்பி அப்படியே எழுதிக் கேட்டார். விதிமுறைப்படி இருப்பு பூட்டப்பட்டிருப்பதால் கழிக்க முடியாது என்று பதில் வந்தது. பணம் இருந்தால் கழித்திருப்பார்கள். கட்டியவர்களுக்கு அடுத்து என்ன வருகிறது என்றும் பார்த்திருக்கிறேன். நாணய மாற்றுக் கட்டணம், கறுப்புப் பண எதிர்ப்பு வைப்புத்தொகை, தாமத அபராதம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் சிறியதாக, 'இவ்வளவு கட்டிவிட்டோம், இதையும் கட்டிவிடலாம்' என்று நினைக்க வைக்கிற அளவில் இருக்கும்.

டெலிகிராம் ஆளிடம் இருப்பை விற்பது

ஐந்தில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான், ஏனென்றால் இதில் பணம் உண்மையாகவே வரக்கூடும். தளத்துக்குள் இருப்பை அவர் கணக்குக்கு மாற்றினால், 1,00,000க்கு 80,000 வீதம் உங்கள் வங்கிக் கணக்கில் போடுவதாகச் சொல்கிறார். போடவும் செய்வார். ஆனால் யாருடைய பணத்தை?

தம்பி தன் 50,000ஐ யாருக்கு அனுப்பினார் என்று வங்கி அறிக்கையில் பார்த்தோம். நான்கு தவணைக்கும் நான்கு வெவ்வேறு பெயர்கள். ஒன்று துணிக்கடை போன்ற பெயர், ஒன்று ஏதோ என்டர்பிரைசஸ், மற்ற இரண்டும் தனி ஆட்கள். தளத்தின் பெயர் எங்குமே இல்லை. கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்டவர்களின் கணக்குகள் இவை. முதல் வாரம் வந்த 3,000 ரூபாயும் இப்படி ஒரு தனி ஆளிடமிருந்தே வந்திருக்கிறது. அந்த ஆள் பெரும்பாலும் தம்பியைப் போலவே ஏமாந்த இன்னொருவராகவோ, ஏமாந்தவரின் பணம் கடந்துவந்த கணக்காகவோ இருப்பார்.

ஏமாந்தவர் வேறு மாநிலத்தில் புகார் கொடுத்தால், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அத்தனையிலும் வங்கி தடை வைக்கும். சில நேரம் சந்தேகத் தொகைக்கு மட்டும் தடை இருக்கும், சில நேரம் கணக்கு முழுவதும் முடங்கும். எங்கள் தொழிற்சாலை இலைப் பணத்தை வங்கியில்தான் போடுகிறது. முடங்கிய கணக்கில் நாங்கள் போட்ட பணமும் உள்ளே போகும், வெளியே வராது. பறிப்புக்கு வந்தவர்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வழி இருக்காது. தடையை நீக்க எங்கோ ஒரு மாநிலத்தில் புகாரை விசாரிக்கும் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலும் ஆவணங்களும் அனுப்பிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 80,000 ரூபாய்க்கு இது மிக அதிகமான விலை.

இதே பணத்தைக் கிரிப்டோ நாணயமாக எடுத்து, ஆள் பார்த்து விற்றுக்கொள்ளலாம் என்றும் குழுவில் சொல்வார்கள். வாங்குகிறவர் யார் பணத்தைத் தருகிறார் என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது.

மீட்பு முகவர்

இதற்கு அதிக இடம் தேவையில்லை. முன்பணம் கேட்கிறார், தளத்தின் பெயரும் இழந்த தொகையும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தால் போதும். வழக்கறிஞர், சைபர் அதிகாரி, ரிசர்வ் வங்கி ஊழியர் என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஒன்றுதான். ரிசர்வ் வங்கி யாரையும் அழைத்துப் பணம் மீட்டுத் தருவதில்லை.

1930

இந்த வழியில் 1,42,600 வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 47,000 முழுவதும் வரும் என்றும் உறுதி தர முடியாது. ஆனாலும் நான் இதைத்தான் சொன்னேன், காரணம் நேற்று மாலை போன 20,000.

1930 என்ற எண்ணில் அழைத்தோ cybercrime.gov.in தளத்திலோ புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு உள்ள வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் தடை வைப்பார்கள். அடுத்த கணக்குக்கு மாறியிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் நகரும். இப்படிப் பணத்தின் பின்னாலேயே தடை ஓடுகிறது. பணம் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டாலோ கிரிப்டோவாகிவிட்டாலோ ஓட்டம் அங்கே நின்றுவிடும். நேற்றுப் போன பணத்தைப் பிடிக்கும் வாய்ப்பு மூன்று வாரத்துக்கு முன் போன பணத்துக்கு இல்லை. முதல் மூன்று தவணைகளான 30,000க்கு நம்பிக்கை குறைவு. நான்காவது தவணைக்கு இன்று அழைத்தால் வாய்ப்பு உண்டு. போனஸ் நிபந்தனையை முடிக்கிறேன் என்று இரண்டு வாரம் ஆடினால் அதுவும் போய்விடும். முதல் வழியின் உண்மையான விலை என்று சொன்னது இதைத்தான்.

அழைப்பதற்கு முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. ஒவ்வொரு தவணைக்கும் யுபிஐ செயலியில் தெரியும் 12 இலக்க யுடிஆர் எண், தேதி, நேரம், தொகை, பணம் பெற்றவரின் யுபிஐ முகவரி. தளத்தின் இணைய முகவரி, பணம் மறுக்கப்பட்ட திரை, வரி கேட்ட உரையாடல், டெலிகிராம் பயனர் பெயர் ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் செயலியை முதலில் நீக்கிவிடுகிறார்கள், அதோடு சான்றும் போய்விடுகிறது. கிடைக்கும் புகார் எண்ணை வைத்துக்கொண்டு உதகையில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தை அணுகலாம். தடை வைத்த பணமும் மறுநாளே கைக்கு வராது. நடைமுறை முடிய மாதங்கள் ஆகலாம், நீதிமன்ற உத்தரவும் தேவைப்படலாம்.

வங்கியிலேயே பேசிப் பணத்தைத் திருப்ப முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. யுபிஐயில் ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பியது நீங்களே என்பதால், தெரியாமல் போன பணத்துக்கான ரிசர்வ் வங்கிப் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது. விசா, மாஸ்டர்கார்டு வகை அட்டையால் செலுத்தியிருந்தால் மட்டும் வங்கியில் தகராறு மனு கொடுத்துப் பார்க்கலாம். அதிலும் செலுத்திய தொகையைத்தான் கேட்கலாம், லாபமாகக் காட்டியதை அல்ல. அதற்கும் காலக் கெடு உண்டு.

தம்பி கடைசியாகத் தயங்கியது வேறு காரணத்துக்கு. "நானே சட்டத்தை மீறியவன் என்று என்னையே பிடித்தால்?" பயம் முழுக்க ஆதாரமில்லாதது அல்ல. அனுமதி பெறாத தளங்களில் அந்நியச் செலாவணி வணிகம் செய்கிறவர்கள் மீது ஃபெமா சட்டப்படி நடவடிக்கை வரக்கூடும் என்று ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. அப்படிப்பட்ட 34 பெயர்கள் கொண்ட எச்சரிக்கைப் பட்டியலை 2022 செப்டம்பரில் வெளியிட்டு, பிறகு பெயர்களைச் சேர்த்துக்கொண்டே வருகிறது. பட்டியலில் இல்லாத தளத்துக்கு அனுமதி உண்டு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தம்பி கொடுக்கப்போவது ஏமாற்றப்பட்டதற்கான புகார். பேசாமல் இருந்து, அந்த 3,000 ரூபாய்க்காக வேறு மாநிலப் புகாரில் தன் கணக்கு மாட்டும்போது முதல் முறையாக வாய் திறப்பதைவிட, தானே முன்னால் போய்ச் சொன்னதற்கு ஒரு புகார் எண் இருப்பது நல்லது. இது என் கருத்து. தொகை பெரிதாக இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது முறை.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒழுங்கான பங்குத் தரகரிடம் போய் ஆப்ஷன் வாங்கி நட்டத்தை ஈடுகட்டலாமா என்றும் தம்பி கேட்டார். அங்கே பணம் எடுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை, முறையிடப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையமான செபி இருக்கிறது. 2025 அக்டோபர் முதல் செபியில் பதிவுபெற்ற தரகர்களுக்கு @ குறிக்குப் பின்னால் valid என்று தொடங்கும் யுபிஐ முகவரியும் வந்திருப்பதால் யாருக்கு அனுப்புகிறோம் என்றும் தெரியும். ஆனால் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் வாய்தா, ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாகச் சொல்வதும் அதே செபிதான். உரப் பணத்துக்கு அது இடமில்லை. மாதம் 1,000 ரூபாய் வீதம் அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டால், 6.7 சதவீத வட்டியில் ஐந்தாண்டில் 60,000 போட்டதற்கு 71,366 வரும். ஒரு நிமிடத்தில் 820 பார்த்தவருக்கு அது சப்பென்று இருக்கும் என்று எனக்கும் தெரியும். பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு அதில் பாதி வரை கடன் எடுக்கலாம் என்பதால், இலை இல்லாத மாதத்தில் அவசரத்துக்கு உதவும்.

தளத்துக்கு ஆதாரும் பானும் அனுப்பியவர்கள் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். ஆதார் செயலியில் கைரேகைப் பூட்டைப் போட்டுவிட்டு, கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தரும் அறிக்கையை எடுத்து, தங்கள் பெயரில் தாங்கள் வாங்காத கடன் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தின் அறிக்கையையும் எடுத்துப் பார்க்கலாம். மேலாளர் சொன்னார் என்று கைபேசித் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி எதையாவது நிறுவியிருந்தால், திரைப்பிடிப்புகளை எடுத்து முடித்த கையோடு அதை நீக்கிவிட்டு, யுபிஐ ரகசிய எண்ணையும் வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.